கம்பவுண்டு சுவர் அதே 200 அடி, மனை மட்டும் ஏன் சின்னது?

*ஐயா, நான் நங்கநல்லூரில் இருக்கிறேன். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிராஜுவிட்டி பணத்தில் 10 லட்சத்தை ஐந்து வருடத்துக்கு முன் மொத்தமாக ஒரு பங்கு மியூச்சுவல் ஃபண்டில் போட்டேன். ஏஜென்ட் கொடுத்த தாளில் வருடவாரியாக +32, -18, +41, -22, +27 சதவீதம், "சராசரி 12%" என்று இருக்கிறது. கூட்டி வகுத்துப் பார்த்தேன், 12 சரிதான். 12% என்றால் ஐந்து வருடத்தில் 17,62,342 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் 15,11,838 தான் இருக்கிறது. இரண்டரை லட்சம் எங்கே? கமிஷனில் போய்விட்டதா? இனி மாதம் 10,000 எடுக்கலாம் என்று இருக்கிறேன். "12% வருகிறது, நீங்கள் எடுப்பது 8% தான், அசல் வளர்ந்துகொண்டே இருக்கும்" என்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா?*

*- ஒரு வாசகர், நங்கநல்லூர், சென்னை*

யாரும் எடுக்கவில்லை சார். ஸ்டேட்மென்ட் சரி, ஏஜென்ட்டின் சராசரி சரி, உங்கள் கூட்டு வட்டிக் கணக்கும் சரி. அந்தச் சராசரியைக் கொண்டுபோய்க் கூட்டு வட்டியில் வைத்த இடத்தில்தான் சறுக்கல். கணக்குப் பிரிவில் இருந்தவருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் இதே கணக்கை ஒரு வாடிக்கையாளருக்கு நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து அவர் அந்தத் தாளையும் ஸ்டேட்மென்ட்டையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பதில் சொல்ல எனக்கு அன்று ஒரு சாயங்காலம் ஆனது.

கமிஷன் சந்தேகத்தை முதலில் முடித்துவிடலாம். ஃபண்டின் செலவு, அதில் அடங்கிய ஏஜென்ட் கமிஷன் எல்லாம் தினமும் கழிக்கப்பட்ட பிறகுதான் அன்றைய என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, வெளியாகிறது. உங்கள் தாளில் உள்ள ஐந்து சதவீதங்களும் அந்த என்ஏவியிலிருந்து வந்தவை. ஆகவே கமிஷன் ஏற்கெனவே போய்விட்டது. மறுபடி ஒருமுறை இரண்டரை லட்சமாகப் போக வழியில்லை. சந்தேகம் இருந்தால் ஃபண்டுகளின் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் அனுப்பும் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, யூனிட் எண்ணிக்கையை அன்றைய என்ஏவியால் பெருக்குங்கள். அதே 15,11,838 வந்தால் விஷயம் முடிந்தது. கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில் போட்டிருந்தால் ஐந்து சதவீதங்களுமே கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும், அது வேறு கதை.

இப்போது உங்கள் பணத்தை வருடம் வருடமாக லெட்ஜரில் எழுதுவதுபோல் எழுதிப் பார்ப்போம்.

முதல் வருடம் 10 லட்சத்துக்கு 32%, அதாவது 3,20,000 வந்தது. கையில் 13,20,000. இரண்டாம் வருடம் 18% இறக்கம். இந்த 18 எதன் மேல் விழுந்தது என்பதைப் பாருங்கள். நீங்கள் போட்ட 10 லட்சத்தின் மேல் விழவில்லை, வளர்ந்து நின்ற 13,20,000 மேல் விழுந்தது. 1,80,000 போக வேண்டிய இடத்தில் 2,37,600 போனது. மிச்சம் 10,82,400. மூன்றாம் வருடம் 41% ஏறி 15,26,184. நான்காம் வருடம் 22% இறக்கம், மறுபடியும் உச்சத்தில் இருந்த தொகையின் மேல். 3,35,760 போய் 11,90,424. கடைசி வருடம் 27% ஏறி 15,11,838.

கடைசி இரண்டு வரிகளை இன்னொரு தடவை பாருங்கள். 22% இறங்கி, பிறகு 27% ஏறியிருக்கிறது. கூட்டினால் 5% லாபம், சராசரி இரண்டரை. ஆனால் மூன்றாம் வருட முடிவில் 15,26,184 இருந்தது, ஐந்தாம் வருட முடிவில் 15,11,838 தான். லாபம் என்று தாளில் தெரிகிற அந்த இரண்டு வருடத்தில் உண்மையில் 14,000 ரூபாய் குறைந்திருக்கிறது. 100 ரூபாய் 22% இறங்கி 78 ஆனால், அந்த 78 திரும்ப 100 ஆக 22 ரூபாய் வேண்டும். 78க்கு 22 என்பது 28.2%. உங்களுக்கு வந்தது 27. அதனால் பள்ளத்தின் விளிம்பு வரை வந்து ஏற முடியாமல் நின்றுவிட்டது.

இறங்கும்போது பெரிய தொகையின் மேல் சதவீதம் விழுகிறது, ஏறும்போது சின்னத் தொகையின் மேல் ஏறுகிறது. இதுதான் சேதி. சராசரி போடும்போது ஐந்து சதவீதங்களும் ஒரே அளவுப் பணத்தின் மேல் வந்ததுபோலப் பாவித்துக் கூட்டிவிடுகிறோம். பணமோ கூட்டலில் வளர்வதில்லை. 1.32, 0.82, 1.41, 0.78, 1.27 என்று ஒன்றை ஒன்று பெருக்கித்தான் வளர்கிறது.

சரி, கூட்டுத்தொகை ஒன்றாக இருக்கும்போது பெருக்குத்தொகை எவ்வளவு குறையும்? இதற்கு நம் ஊர் மனைக்கணக்கு போதும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 40க்கு 60 என்று மனை இருந்தால் சரியாக ஒரு கிரவுண்டு. சுற்றிலும் கம்பவுண்டு சுவர் 200 அடி. அதே 200 அடிச் சுவரை 50க்கு 50 என்று சதுரமாகக் கட்டினால் உள்ளே 2,500 சதுர அடி வருகிறது. 30க்கு 70 என்று நீட்டினால் 2,100 தான். செங்கல், சிமென்ட், கொத்தனார் கூலி எல்லாம் ஒன்றுதான், உள்ளே இருக்கிற நிலம் மட்டும் சுருங்குகிறது. எவ்வளவு என்று பாருங்கள். ஒரு பக்கம் 50 அடியிலிருந்து 10 அடி விலகினால் 100 சதுர அடி குறைகிறது, 20 அடி விலகினால் 400 குறைகிறது. விலகல் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு.

வருமானத்திலும் சுவர் என்பது சராசரி, நிலம் என்பது கையில் கிடைக்கும் தொகை. இரண்டு வருடமும் 12% வந்தால் 1.12 பெருக்கல் 1.12, சதுர மனை, 1.2544. ஒரு வருடம் 32, மறு வருடம் -8 என்றால் சராசரி அதே 12 தான், ஆனால் 1.32 பெருக்கல் 0.92, நீள மனை, 1.2144. வித்தியாசம் 0.04, அதாவது 100 ரூபாய்க்கு 4 ரூபாய். 12லிருந்து 20 புள்ளி அந்தப் பக்கமும் 20 புள்ளி இந்தப் பக்கமும் விலகியதற்குக் கொடுத்த விலை அது. 0.20ஐ 0.20ஆல் பெருக்கினால் வருகிற அதே 0.04. 10 புள்ளி மட்டும் விலகி 22, 2 என்று வந்திருந்தால் 100க்கு ஒரே ஒரு ரூபாய்தான் போயிருக்கும்.

அதனால்தான் எஃப்டியில் இந்தப் பிரச்சினை உங்களுக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. அங்கே ஒவ்வொரு வருடமும் ஒரே வட்டி, மனை எப்போதும் சதுரம். சராசரியை அப்படியே கூட்டு வட்டியில் வைத்தாலும் கணக்கு இடிக்காது. கடன் ஃபண்டில் வருடத்துக்கு ஒன்றிரண்டு புள்ளி ஆடினாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பங்கு ஃபண்டில், அதுவும் உங்களுடையதுபோல 41க்கும் -22க்கும் நடுவே ஊஞ்சலாடுகிற ஃபண்டில், அது லட்சக்கணக்கில் வந்து நிற்கும்.

ஐந்து வருடத்துக்கும் இதைத் தோராயமாக ஒரு தாளில் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் 12லிருந்து எவ்வளவு விலகியது என்று எழுதுங்கள்: 20, 30, 29, 34, 15. ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கி, கூட்டி, ஐந்தால் வகுத்தால் 704 வருகிறது. அதில் பாதி 352. சதவீதத்தை சதவீதத்தால் பெருக்கியதால் 100ஆல் வகுக்க வேண்டும்: 3.52. இந்த 3.52ஐ 12லிருந்து கழித்தால் 8.48%. உண்மையில் உங்கள் பணம் வளர்ந்த கூட்டு வேகம் 8.62%. தோராயக் கணக்குக்கு இது மோசமில்லை. விலகல் அதிகமாக ஆக இந்தக் குறுக்குவழி கொஞ்சம் தள்ளாடும். எந்த ஃபண்டில் எவ்வளவு தேய்மானம் இருக்கும் என்று ஒரு கை பார்க்க இது போதும்.

அந்த 8.62ஐத்தான் கூட்டு வருடாந்திர வளர்ச்சி, சிஏஜிஆர் என்கிறார்கள். 10 லட்சம் எந்த ஒரே சதவீதத்தில் ஐந்து வருடமும் வளர்ந்திருந்தால் 15,11,838 ஆகியிருக்குமோ அந்தச் சதவீதம். வருடாவருடம் ஆடாமல் 9% கொடுத்த ஒன்றில் போட்டிருந்தால்கூட 15,38,624 வந்திருக்கும். ஆடி ஆடி வந்த சராசரி 12ஐவிட ஆடாத 9 ஜெயிக்கிறது. அதற்காக ஆடுகிற எல்லாமே தோற்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டத்துக்கான தேய்மானத்தைக் கழித்த பிறகும் மிச்சம் அதிகமாக இருந்தால் அது அதிகம்தான். உங்கள் 8.62ஐ அந்த ஐந்து வருடம் பக்கத்து வீட்டுக்காரரின் எஃப்டி கொடுத்ததோடு வைத்துப் பாருங்கள். 12ஐ வைத்துப் பார்க்காதீர்கள்.

இதெல்லாம் ஒரு துரதிர்ஷ்டம் பிடித்த ஃபண்டின் கதை என்று நினைத்துவிட வேண்டாம். நிஃப்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007 கடைசி நாளில் நிஃப்டி 6,138இல் முடிந்தது. 2008இல் உலகமே ஆட்டம் கண்ட வருடம், 51.8% இறங்கி 2,959. 2009இல் 75.8% ஏறி 5,201. 2010இல் இன்னும் 17.9% ஏறி 6,134. மூன்று சதவீதங்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி வருடத்துக்கு ஏறக்குறைய 14%. யாரிடமாவது "மூன்று வருடமாகச் சராசரி 14%" என்று சொன்னால் உடனே செக் எழுதுவார். ஆனால் 6,138இல் கிளம்பிய குறியீடு 6,134இல் வந்து நிற்கிறது. டிவிடெண்டை விட்டுவிட்டால் மூன்று வருடத்தில் நான்கு புள்ளி நஷ்டம். சராசரி 14 என்பது பொய்யில்லை, ஆனால் அந்த 14ஐ யாரும் கையில் வாங்கவில்லை.

உங்கள் ஏஜென்ட் ஏமாற்றினாரா என்று நேராகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. எக்செல்லில் ஐந்து எண்களைக் கீழே இழுத்து சராசரி பொத்தானை அழுத்துவதை நிறையப் பேர் வெள்ளந்தியாகச் செய்கிறார்கள். மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிகளின் விளம்பரத்தில் இதைச் செய்ய முடியாது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு சிஏஜிஆர்தான் காட்ட வேண்டும் என்பது செபியின் விதி. ஃபண்டின் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டிலும் ஐந்து வருட வருமானம் என்று இருப்பது அதுதான். ஆக, ஏஜென்ட் அடித்துக் கொடுக்கிற தாளுக்கும் ஃபேக்ட்ஷீட்டுக்கும் எண் ஒத்துவராவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு எண்ணும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதிலும் ஜாக்கிரதை. 10 லட்சம் 15.12 லட்சம் ஆனது, மொத்த லாபம் 51.18%, ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 10.24%. இது தனிவட்டிக் கணக்கு. உங்கள் ஒரே முதலீட்டுக்கு இப்படி 12, 10.24, 8.62 என்று மூன்று விகிதம் சொல்லலாம், மூன்றுமே ஏதோ ஒரு கணக்கில் சரி. எஃப்டியோடு ஒப்பிடவும், வருங்காலத்துக்குக் கணக்குப் போடவும் கடைசி ஒன்றுதான் உதவும். எக்செல் இருந்தால் வருடம், போட்ட தொகை, இப்போதைய தொகை மூன்றையும் இப்படிக் கொடுங்கள்:

```
=RRI(5,1000000,1511838)
```

0.0862 என்று வரும். கூகுள் ஷீட்ஸிலும் இதே வேலை செய்யும். ஒரே தடவை போட்டு இடையில் எதுவும் எடுக்காத பணத்துக்கு மட்டும்தான் இது பொருந்தும். மாதாமாதம் எஸ்ஐபி போட்டிருந்தாலோ நடுவில் எடுத்திருந்தாலோ தேதியையும் சேர்த்துக் கணக்கிடும் எக்ஸ்ஐஆர்ஆர் வேண்டும்.

12க்கும் 8.62க்கும் ஐந்து வருடத்தில் இரண்டரை லட்சம்தான் வித்தியாசம். ஏஜென்ட்கள் பிடித்துக்கொள்வது 15 வருடத் திட்டத்தை. உங்கள் 10 லட்சத்தை 12%இல் 15 வருடம் ஓட்டினால் 54.74 லட்சம் என்று தாளில் வரும். உங்கள் ஐந்து வருட ஏற்ற இறக்கமே அப்படியே மூன்று சுற்று வந்தால் கிடைப்பது 34.56 லட்சம். 20 லட்சம் இடைவெளி. இதை நம்பி ஒருவர் பேத்தியின் கல்யாணச் செலவுக்குத் திட்டம் போட்டிருந்தால் அந்த ஓட்டை கடைசி வருடத்தில்தான் தெரியவரும்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. உண்மையில் எனக்கு இதுதான் கவலை. இரண்டரை லட்சம் ஒருநாளும் உங்களிடம் இருந்ததில்லை. மாதம் 10,000 என்பது இனி நடக்கப்போவது.

இதுவரை பார்த்ததில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. நீங்கள் பணத்தைத் தொடவே இல்லை என்றால் நல்ல வருடம் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஐந்து எண்களை எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை ஒன்றுதான். கெட்ட வருடம் இரண்டும் முதலில் வந்திருந்தாலும் உங்களிடம் 15,11,838 தான் இருந்திருக்கும். இரவுத் தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும். பணம் எடுக்க ஆரம்பித்த அன்றோடு அந்தச் சலுகை போய்விடும். அன்றிலிருந்து வரிசையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

போட்டுப் பார்ப்போம். கையில் 15 லட்சம், வருடக் கடைசியில் 1,20,000 எடுக்கிறீர்கள். மாதம் 10,000 என்பதை வருடத்துக்கு ஒரு தடவையாகச் சுருக்கியிருக்கிறேன், மாதாமாதம் எடுத்தால் எண் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. வரப்போகும் ஐந்து வருடமும் உங்கள் பழைய ஐந்து சதவீதங்களே வருகின்றன, வரிசை மட்டும் வேறு என்று வைத்துக்கொள்வோம்.

நல்லது முன்னால் வந்து 41, 32, 27, -18, -22 என்று போனால், ஐந்து வருடமும் 1,20,000 எடுத்த பிறகு மிச்சம் 17.51 லட்சம். ஏஜென்ட் சொன்னது பலித்துவிட்டது, அசல் வளர்ந்திருக்கிறது. அதையே தலைகீழாக -22, -18, 27, 32, 41 என்று திருப்புங்கள். முதல் வருடம் 15 லட்சம் 11.70 ஆகிறது, நீங்கள் எடுத்ததும் 10.50. இரண்டாம் வருடம் 8.61, எடுத்ததும் 7.41 லட்சம். பாதிக்கும் கீழே. அதன் பிறகு 27, 32, 41 என்று வரிசையாக மூன்று அமோகமான வருடம் வந்தும் கடைசியில் நிற்பது 12.39 லட்சம்தான்.

சராசரி அதே 12. தொடாமல் விட்டிருந்தால் இரண்டு வரிசையிலும் 22.68 லட்சம். எடுத்த பணமும் ஒன்றே, ஆறு லட்சம். முடிவில் 5 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். ஏனென்றால் என்ஏவி விழுந்து கிடக்கும்போது அதே 1,20,000க்கு நிறைய யூனிட்களை விற்க வேண்டியிருக்கிறது. விற்ற யூனிட், பின்னால் வரும் 41% ஏற்றத்தில் கலந்துகொள்ள முடியாது. விதைநெல்லை எடுத்துப் பொங்கியதுபோலத்தான். எந்த வரிசை வரும் என்று எனக்கும் தெரியாது, உங்கள் ஏஜென்ட்டுக்கும் தெரியாது. "12 வருகிறது, 8 எடுக்கிறோம், 4 மிச்சம்" என்ற கழித்தல், வருடாவருடம் ஒரே வட்டி வரும் எஃப்டிக்குப் பொருந்துகிற கழித்தல். இந்த ஃபண்டில் சரியான எண்களை வைத்தாலே 8.62இல் 8 எடுத்தால் மிஞ்சுவது அரைப் புள்ளிக்குக் கொஞ்சம் மேல், அதையும் ஒரு கெட்ட தொடக்கம் தின்றுவிடும்.

அதனால் மாதம் 10,000 இந்த ஒரே ஃபண்டிலிருந்து வேண்டாம் என்பது என் கருத்து. வேறு பென்ஷன் இருந்து இது மேல்செலவுக்குத்தான் என்றால் மாதம் 6,250, வருடத்துக்கு 75,000 என்று குறைத்துப் பாருங்கள். அதே கெட்ட வரிசையில்கூட ஐந்தாம் வருட முடிவில் 16.25 லட்சம் நிற்கிறது, அசல் கரையவில்லை. இன்னும் மோசமான வருடங்கள் வரவே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. 2008ஐ மேலே பார்த்தோம்.

10,000 வேண்டியே ஆக வேண்டும் என்றால் இரண்டு வருடச் செலவான 2,40,000ஐ இப்போதே வெளியே எடுத்து எஃப்டியில் போடுங்கள். மீதி 12.60 லட்சம் ஃபண்டில் இருக்கட்டும். சந்தை இறங்கிய வருடத்தில் ஃபண்டைத் தொடாமல் எஃப்டியிலிருந்து செலவழியுங்கள். கெட்டது முதலில் வரும் வரிசையில் இப்படிச் செய்தால் 12.39க்குப் பதில் 13.92 லட்சம் மிஞ்சுகிறது, எஃப்டி வட்டியைச் சேர்க்காமலே. இது இலவசமாக வருவதில்லை. நல்லது முதலில் வந்து, நீங்களும் எஃப்டியை முதலில் கரைத்தால் 17.51க்குப் பதில் 16.15 தான் நிற்கும், 2,40,000 ரூபாய் ஏற்றத்தில் கலந்துகொள்ளாததால். நல்ல காலத்தில் 1.36 லட்சத்தை விட்டுக்கொடுத்து, கெட்ட காலத்தில் 1.53 லட்சத்தைக் காப்பாற்றுகிறீர்கள். உங்கள் வயதில் நான் இந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொள்வேன். முப்பது வயதுக்காரருக்குச் சொல்ல மாட்டேன்.

எஃப்டிக்கு மாற்றும்போது வரி வருமே என்று யோசிப்பீர்கள். ஒரே தடவை போட்ட பணம் என்பதால் கணக்கு சுலபம். எடுக்கிற 2,40,000இல் லாபப் பகுதி சுமார் 81,000. பங்கு ஃபண்டில் நீண்டகால லாபத்துக்கு ஒரு நிதியாண்டில் 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல்தான் 12.5%. இந்த வருடம் வேறு பங்கோ ஃபண்டோ லாபத்தில் விற்கவில்லை என்றால் நீங்கள் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. ஐந்து வருடம் ஆகிவிட்டதால், சீக்கிரம் எடுப்பவரிடம் பிடிக்கும் எக்ஸிட் லோடு கட்டணமும் அநேகமாக இருக்காது. ஃபண்டின் பெயரைப் போட்டு ஒரு தடவை ஃபேக்ட்ஷீட்டில் பார்த்துக்கொண்டு, மார்ச் 31க்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.